ஊசி போடும் முன்பே பொறுமை போய்விடுகிறது: சர்க்கரை நோயாளியின் ஒரு காலை

(சேவை மேம்பாட்டுக் கூட்டம், புறநோயாளிப் பிரிவு. ஸ்லைடு 4, அதற்கான பேச்சுக் குறிப்பு)

ஸ்லைடில் இருப்பது

யாருடைய பயணம்: 61 வயது அம்மா. வலங்கைமான் பக்கத்திலிருந்து பஸ்ஸில் கும்பகோணம் வருகிறார். ஒன்பது வருடமாகச் சர்க்கரை. மாத்திரையோடு இரவில் இன்சுலினும் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிவ்யூ. துணைக்கு யாரும் வருவதில்லை.

| கட்டம் | நேரம் | மனநிலை (−3 முதல் +3) | எங்கே இடிக்கிறது |
|---|---|---|---|
| முதல் நாள் இரவு, வீட்டில் | 8:30, சாப்பாடு முடிந்தது | −1 "காலையில மாத்திரை போடலாமா, கூடாதா?" | எஸ்.எம்.எஸ். ஆங்கிலத்தில், மருந்து பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை |
| டோக்கன், பதிவு, பில் | 6:50 – 7:50 | −2 "யாரைக் கேக்குறதுன்னே தெரியல" | ஒரு கவுண்டர்தான் திறந்திருக்கிறது. பழைய நோயாளிக்கும் புதியவருக்கும் ஒரே வரிசை |
| வெறும் வயிற்று ரத்தம் | 8:05 | −3, எடுத்த பிறகு 0 "தலை சுத்துது தம்பி" | பில் வராமல் பார்கோடு வராது. பார்கோடு வராமல் ஊசி கிடையாது |
| சாப்பாடு, இரண்டு மணி நேரக் காத்திருப்பு | 8:30 – 10:30 | +1, பிறகு 0 | முதல் வாய் எத்தனை மணிக்கு என்று யாரும் எழுதுவதில்லை |
| இரண்டாவது ரத்தம், ரிசல்ட் | 10:30 – 11:30 | −1 | ரிசல்ட் டாக்டர் அறைக்குப் போய்விட்டதா என்று மூன்று இடத்தில் விசாரிக்கிறார் |
| டாக்டர் | 12:00 | +2 "நல்லா கேட்டுக்கிட்டாங்க" | பெரிதாக இல்லை |
| மருந்தகம் | 12:20 – 12:45 | −1 "இது என் மாத்திரை இல்லையே" | கம்பெனி மாறினால் அட்டையின் நிறமும் மாறும். விளக்க ஆள் இல்லை |

ஸ்லைடின் நடுவில் மனநிலைக் கோடு ஓடும். வீட்டுக் கட்டத்தில் மட்டும் அது புள்ளிக்கோடு. 7:50க்கும் 8:05க்கும் நடுவே உள்ள பள்ளத்தில் சிவப்பு வட்டம். வேறு எந்த இடத்திலும் சிவப்பு வேண்டாம்.

பேச்சு

எல்லோருக்கும் வணக்கம். அட்டவணையைப் படிக்க வேண்டாம், அது கையில் கொடுத்த தாளிலும் இருக்கிறது. இப்போதைக்குக் கோட்டை மட்டும் பாருங்கள்.

இந்த அம்மா ஒரே ஆள் இல்லை. காலை நேரத்தில் பெஞ்சில் நோயாளிகளோடு உட்கார்ந்து, அவர்கள் சம்மதத்தோடு குறித்துக்கொண்டதைச் சேர்த்து உருவாக்கிய ஒருவர். நேரங்கள் ஒரு சாதாரண திங்கட்கிழமையின் நேரங்கள். வீட்டில் நடப்பதை நாங்கள் நேரில் பார்க்கவில்லை, அவர்கள் சொல்லிக் கேட்டதுதான். அதனால்தான் அங்கே புள்ளிக்கோடு.

நம்மிடம் வரும் புகார்களில் "ரெண்டு மணி நேரம் உட்கார வைக்கிறாங்க" என்பது அடிக்கடி காதில் விழும். அதனால் பள்ளம் 8:30க்கும் 10:30க்கும் நடுவில் இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் போனோம். அங்கே கோடு கிட்டத்தட்ட சமமாகப் போகிறது. சாப்பாட்டுக்குப் பின் பார்க்கும் சர்க்கரை, சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து எடுப்பது. அதை நாமும் குறைக்க முடியாது. ஒன்பது வருடமாக வருகிறவருக்கு அது நன்றாகத் தெரியும். இட்லி சாப்பிட்டாயிற்று, ஃபேன் காற்று வருகிறது, பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் பேசக் கிடைத்துவிடுகிறார். காத்திருப்பைப் பற்றி மேலாண்மை நிபுணர் டேவிட் மைஸ்டர் 1985இல் எழுதியதும் இதுதான்: காரணமும் கால அளவும் தெரிந்த காத்திருப்பு சிறியதாகத் தோன்றும், தெரியாதது நீண்டு தோன்றும்.

சிவப்பு வட்டம் வேறு கதை. முந்தைய இரவு 8:30க்குச் சாப்பிட்டவர், காலை 8:05 வரை பதினொன்றரை மணி நேரத்துக்கு மேல் பட்டினி. பரிசோதனைக்கு எட்டு மணி நேரம் போதும். பஸ் நேரத்தில் ஒரு பகுதி போகிறது, அது நம் கையில் இல்லை. ஆனால் 6:50க்கு வாசலுக்குள் வந்தவர் ஊசிக்காக ஒன்றேகால் மணி நேரம் நிற்பது முழுக்க நம் ஏற்பாடு. இரவு இன்சுலின் போட்டவர் இவ்வளவு நேரம் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை 70க்குக் கீழே இறங்க வாய்ப்பு உண்டு. "தலை சுத்துது தம்பி" என்பதை ஸ்லைடில் மனநிலை வரிசையில் போட்டிருக்கிறேன். உண்மையில் அதை நர்சிங் குறிப்பில் எழுத வேண்டும்.

இதில் ஃப்ரண்ட் ஆபீஸைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பில் போட்டால்தான் பார்கோடு ஸ்டிக்கர் அச்சாகும். ஸ்டிக்கர் இல்லாமல் ரத்தக் குழாயை லேப் வாங்காது, வாங்கவும் கூடாது. குழாய் மாறிப்போனால் அதைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை. ஆக, சாஃப்ட்வேர் பணத்தை முன்னால் வைத்திருக்கிறது, பசியைப் பின்னால் வைத்திருக்கிறது.

கேட்பது இதுதான். ரிவ்யூ தேதி ஏற்கனவே உள்ள நோயாளிகளுக்கு, முதல் நாள் மாலையே டாக்டர் எழுதிய டெஸ்ட் ஆர்டரைப் போட்டு ஸ்டிக்கரை எடுத்து வைத்துவிடுவோம். காலையில் வந்ததும் பெயர், ஃபைல் எண் சரிபார்த்து நேராக ரத்தம். பில் அப்புறம், அந்த இரண்டு மணி நேரத்துக்குள். சிலர் கட்டாமல் போய்விடுவார்கள் என்று அக்கவுண்ட்ஸ் கவலைப்படலாம். ரிசல்ட் வாங்காமல், டாக்டரைப் பார்க்காமல் யாரும் போவதில்லை, அதற்குள் கட்டிவிடுவார்கள். இரண்டு வாரம், திங்களும் வியாழனும் மட்டும் செய்து பார்க்கலாம்.

இன்னொன்று செலவே இல்லாதது. சில ரிவ்யூவுக்கு டாக்டர் எச்.பி.ஏ.1.சி. மட்டும்தான் எழுதுகிறார். அது ஏறக்குறைய மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது, வெறும் வயிறு தேவையில்லை. ஆனாலும் "சாப்டுட்டீங்களா? அப்ப நாளைக்கு வாங்க" என்று கவுண்டரில் சொல்லி அனுப்புவதைக் கேட்டேன். ஆர்டரைப் பார்த்துவிட்டுச் சொன்னால் போதும், ஒரு பஸ் டிக்கெட் மிச்சம்.

எஸ்.எம்.எஸ்.ஸுக்கு வருகிறேன். நாளையிலிருந்து இப்படிப் போகட்டும்:

"நாளை காலை சர்க்கரைப் பரிசோதனை. ரத்தம் கொடுப்பதற்கு முன் 8 மணி நேரம் எதுவும் சாப்பிட வேண்டாம், தண்ணீர் குடிக்கலாம். காலைச் சர்க்கரை மாத்திரை, இன்சுலினைப் போடாமல் கையில் எடுத்து வரவும். ரத்தம் கொடுத்த பிறகு சாப்பாட்டோடு எடுக்கலாம். டாக்டர் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் அதன்படி செய்யவும். வியர்வை, கை நடுக்கம், தலைசுற்றல் வந்தால் வரிசையில் நிற்காமல் உடனே நர்ஸிடம் சொல்லவும்."

மருத்துவர்கள் ஒருமுறை பார்த்துத் திருத்திக் கொடுத்தால் இன்றே ஏற்றிவிடலாம்.

சாப்பாட்டு நேரக் குறிப்புக்குக் கேன்டீனில் ஒரு பேனாவும் டோக்கன் சீட்டின் பின்பக்கமும் போதும். ரிசல்ட் விசாரணையை அடுத்த மாதம் எடுத்துக்கொள்வோம்.

மருந்தகத்தைத் தள்ளிப் போட மனமில்லை. டாக்டர் அறையில் +2க்கு ஏறிய கோடு, வீட்டுக்குக் கிளம்பும்போது −1. அட்டையின் நிறம் மாறியதால் பழைய மாத்திரையையும் புதியதையும் சேர்த்துப் போட்டுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரே மருந்து இரண்டு மடங்கு. "அதே மருந்துதான், கம்பெனி வேறு, பழைய அட்டை தீர்ந்த பிறகு இதைத் தொடங்குங்கள்" என்று சொல்லி, பழைய மருந்தின் பெயரையும் அட்டை மேலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். கூட்டமாக இருந்தாலும்.

முதலில் லேப் தரப்பு பேசட்டும். முந்தைய நாளே ஸ்டிக்கர் எடுத்து வைத்தால் எங்கே குழப்பம் வரும் என்பது என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும். டெஸ்ட் கடைசி நேரத்தில் மாறினால் பழைய ஸ்டிக்கரை என்ன செய்வது, அதிலிருந்து தொடங்கலாமா?