சீடை போடுவதற்கு முன்னால்

கும்பகோணம்
ஆவணி 3

அன்புள்ள வசந்தி,

பலகாரத்துக்கு எண்ணெய் எவ்வளவு காய வேண்டும் என்று நேற்று போனில் நீ கேட்டதற்கு, "எண்ணெயை மிதமாகக் காய வை" என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம் எனக்கே சிரிப்பு வந்தது. கல்யாணமான வருஷம் எனக்கும் இதே 'மிதமாக'த்தான் சொன்னார்கள். மிதம் என்றால் எது என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

தலை தீபாவளிக்கு நீ இங்கே வந்துவிடுவாய், அது அம்மா பாடு. அந்த வீட்டில் உன் கைப் பலகாரம் முதலில் கோகுலாஷ்டமிக்குத்தான். முறுக்கு, உப்புச் சீடை, வெல்லச் சீடை மூன்றும் உன் பொறுப்பு என்றாய். மாவுப் பக்குவத்தை உன் மாமியார் பார்த்துக்கொள்வார். எண்ணெயை நீ பார்க்க வேண்டும்.

சுண்டைக்காய் அளவு முறுக்கு மாவைக் கிள்ளி எண்ணெயில் போடு. அடியிலேயே கிடந்தால் காயவில்லை. அதில் பிழிந்தால் முறுக்கு எண்ணெய் குடிக்கும். போட்ட கையோடு துள்ளி மேலே வந்து சிவந்தால் ரொம்பக் காய்ந்துவிட்டது. மேலே நிறம் வரும், உள்ளே வேகாது, மறுநாளே நமுத்துப்போகும். அடிக்குப் போய், சுற்றிலும் பொடிப்பொடியாகக் குமிழ் விட்டு, ஒன்று இரண்டு என்று எண்ணுவதற்குள் நிதானமாக மிதந்து வந்தால் அதுதான் பதம். புகை வரும்வரை காத்திருக்காதே. புகைந்தால் அடுப்பை அணைத்துவிட்டு ஆற விடு.

உங்கள் வீட்டில் இருப்புச்சட்டி என்றாய். அது சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தீயைக் குறைத்த உடனே எண்ணெயின் சூடு குறையாது, அதனால் ஒரு நிமிஷம் முன்னாலேயே குறைத்துவிடு. முறுக்கு விழுந்ததும் எண்ணெய் குளிரும் என்பதையும் மறக்காதே. சட்டி கொள்ளும் என்று ஆறு பிழியாதே, மூன்று போதும். ஒரு ஈடு எடுத்த பிறகு மறுபடி மாவைக் கிள்ளிப் போட்டுப் பார்த்துத்தான் அடுத்த ஈடு. அலுப்பாகத்தான் இருக்கும். நானும் முதல் இரண்டு ஈட்டுக்குப் பார்த்துவிட்டு மூன்றாவதுக்கு விட்டுவிடுவேன், அந்த மூன்றாவது ஈடுதான் கருகும்.

வெந்துவிட்டதா என்பதற்குக் காதைக் கொடு. போட்டதும் சடசடவென்று சத்தம் போடும். மாவில் இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியேறும் சத்தம் அது. குமிழ் குறைந்து சத்தம் அடங்கினால் எடுத்துவிடலாம். நிறத்தை நம்பி இன்னும் கொஞ்சம் என்று விட்டால், எடுத்து வைத்த பிறகும் சிவந்துகொண்டே போகும்.

சீடைதான் வம்பு. என் முதல் கோகுலாஷ்டமியில், மொழுமொழுவென்று அழகாக உருட்டிய சீடைகளை நன்றாகக் காய்ந்த எண்ணெயில் ஒரு கை அள்ளிப் போட்டேன். இரண்டு நிமிஷம் சத்தமில்லை. திடீரென்று டப்பென்று ஒன்று, அப்புறம் வரிசையாக. கூரையில் எண்ணெய்த் துளி, கையில் கொப்புளம், என் மாமியார் கூடத்திலிருந்து "என்னம்மா, தீபாவளி இப்பவே வந்துடுச்சா?" என்றார். அந்தத் தழும்பு இன்னும் முழங்கைக்குக் கீழே இருக்கிறது, நீ பார்த்திருக்கிறாய்.

வேறொன்றும் இல்லை: எண்ணெய் அதிகச் சூடாக இருந்தால் மேல்தோல் சட்டென்று கெட்டியாகிவிடும், உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி, வெளியே வர வழியில்லாமல் வெடிக்கும். அதனால் அழுத்தி உருட்டாதே, சொரசொரப்பாக, லேசாக விரிசல் விட்டாலும் பரவாயில்லை. மாவைச் சலித்துக்கொள், துணியில் பரப்பி ஈரம் உலரட்டும், ஊசியால் ஒரு குத்து. முதலில் இரண்டே சீடையைப் போட்டு, மூடியைக் கேடயம் மாதிரிப் பிடித்துக்கொண்டு தள்ளி நில். அவை சமர்த்தாக வெந்தால் மீதி.

வெல்லச் சீடைக்கு இதைவிடக் குறைந்த சூடு. கிள்ளிப்போட்ட மாவு நாலு, ஐந்து எண்ணிய பிறகு மிதந்தால் போதும். வெல்லம் சீக்கிரம் கருகும். அதைக் கடைசியில் செய்; உதிர்ந்தால் எண்ணெய் முழுக்கக் கசடு.

முடியை இறுக்கிக் கட்டிக்கொள், நைலான் புடவை வேண்டாம். பக்கத்தில் ஒரு பெரிய தட்டு இருக்கட்டும். எண்ணெய் தப்பித்தவறித் தீப்பிடித்தால் அடுப்பை அணைத்து அதைப் போட்டு மூடு. தண்ணீர் மட்டும் ஊற்றிவிடாதே.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். சீடை நன்றாக வந்தால் ஒரு டப்பா எனக்கு அனுப்பு. வெடித்தால் ராத்திரி பத்து மணிக்கு மேல் போன் பண்ணு, உன் அத்தான் தூங்கியிருப்பார்.

உன்
அக்கா