பொருள்: 8.2.2026 சதாபிஷேகத்துக்கான மண்டப முன்பதிவு ரத்து. முன்பணமும் டெபாசிட்டும் திரும்பக் கிடைப்பது பற்றி (ரசீது எண் 417)

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம் சார். என் பெற்றோரின் சதாபிஷேகத்துக்காக உங்கள் மண்டபத்தை 7.2.2026 சனிக்கிழமை மாலை முதல் 8.2.2026 ஞாயிறு மாலை 4 மணி வரை பதிவு செய்திருந்தேன். அந்தப் பதிவை ரத்து செய்துவிடும்படி இந்த மின்னஞ்சல் மூலம் கேட்டுக்கொள்கிறேன். கடந்த புதன்கிழமை, டிசம்பர் 10 அன்று மாலை உங்களிடம் போனில் இதைச் சொன்னேன். எழுத்தில் அனுப்பச் சொன்னீர்கள். மறுநாள் முழுக்க ஆஸ்பத்திரியில் இருந்ததால் இன்றுதான் எழுத முடிந்தது.

செவ்வாய்க்கிழமை காலை அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. நேற்று தஞ்சாவூரில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் மூன்று மாதத்துக்குத் தரையிலோ மணையிலோ உட்காரவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அப்பாவுக்கு 80 வயதும் 8 மாதமும் ஆகும்போது செய்ய வேண்டும் என்றுதான் தை மாதத்தில் தேதி வைத்தோம். அம்மா பக்கத்தில் இல்லாமல் தான் மட்டும் மணையில் உட்காரமாட்டேன் என்கிறார் அப்பா. கலச தீர்த்தம் இருவர் தலையிலும் சேர்ந்து விழவேண்டிய நாள் அது. அவர் சொல்வது எங்கள் எல்லோருக்கும் சரியாகவே படுகிறது. அதனால் தள்ளிப்போடவும் இல்லை. வேறு தேதி என்று சொல்லி உங்கள் மண்டபத்தை நிறுத்தி வைக்கவும் நான் விரும்பவில்லை. தை மாத ஞாயிறு என்பதால் கேட்டு வருபவர்கள் இருப்பார்கள். இன்றிலிருந்தே தாராளமாக அவர்களுக்குக் கொடுக்கலாம்.

இனி பண விவரம். வாடகை 85,000 ரூபாய் என்று பேசி, 24.8.2025 அன்று முன்பணம் 40,000, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 7,200, ஆக 47,200 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன். சேதாரத்துக்கான டெபாசிட் 20,000 ரூபாயை அன்றே ஆபீசில் ரொக்கமாகக் கொடுத்தேன். அதையும் அதே ரசீதில் கையால் எழுதிக் கொடுத்தீர்கள். மொத்தம் 67,200 ரூபாய்.

ரசீதின் பின்பக்கம், "60 நாட்களுக்கு முன் ரத்து செய்தால் அட்வான்சில் பாதி திருப்பித் தரப்படும், அதற்குப் பிறகு தரப்படமாட்டாது" என்று இருக்கிறது. நான் போன் செய்த டிசம்பர் 10, விசேஷத்துக்குச் சரியாக 60 நாள் முன்பு. அந்த நாளையே ரத்து செய்த நாளாக எடுத்துக்கொள்வீர்களா? இன்றைய தேதியைக் கணக்கிட்டால் 58 நாள்தான் வருகிறது. இரண்டு நாளில் 20,000 ரூபாய் போய்விடும் என்பதால்தான் இதை முதலில் கேட்கிறேன்.

டெபாசிட்டைப் பற்றி அந்த விதியில் ஒன்றும் இல்லை. நாற்காலி உடைந்தால், கரண்ட் யூனிட்டும் ஜெனரேட்டர் டீசலும் கூடினால் கழித்துக்கொள்ள வாங்கியது அது. நாங்கள் மண்டபத்துக்குள் அடியெடுத்து வைக்கப்போவதே இல்லை என்பதால் 20,000 ரூபாயும் முழுதாக வரவேண்டும் என்று நினைக்கிறேன். உறுதிப்படுத்துங்கள்.

அப்புறம் ஜிஎஸ்டி. விசேஷமே நடக்காதபோது, திருப்பித் தரும் முன்பணத்துக்கு உரிய வரியையும் ரீஃபண்ட் வவுச்சர் போட்டுத் திருப்ப வழி இருக்கிறது என்று வரிக் கணக்கு பார்க்கும் என் மைத்துனர் சொன்னார். உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கள். முன்பணத்தில் பாதி வந்தால் அதற்கான வரி 3,600 ரூபாய்.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். அதே தேதிக்கு வேறு யாராவது பதிவு செய்துவிட்டால் உங்களுக்கு வாடகை நஷ்டம் இருக்காது. அப்படி நடந்தால் மீதிப் பாதியையும் தர முடியுமா? ரசீதில் அப்படி எழுதவில்லை, உரிமையாகக் கேட்கவும் இல்லை. ஆஸ்பத்திரிச் செலவு எதிர்பாராமல் வந்திருக்கிறது. கிடைத்தால் பெரிய உதவியாக இருக்கும். முதலாளியிடம் பேசிப் பாருங்கள்.

எவ்வளவு தொகை, எந்தத் தேதிக்குள் என்பதை டிசம்பர் 20ஆம் தேதிக்குள் இந்த மின்னஞ்சலுக்கே பதிலாக எழுதி அனுப்புங்கள். பணத்தை நான் அனுப்பிய அதே ஜிபே எண்ணுக்குப் போட்டால் போதும். ரசீதின் இரண்டு பக்கமும், அன்றைய ஜிபே விவரமும், டாக்டரின் சீட்டும் இணைத்திருக்கிறேன். அசல் ரசீது வேண்டுமென்றால் என் தம்பி கும்பகோணத்தில்தான் இருக்கிறான், நேரில் கொண்டுவந்து தருவான். பகலில் நான் அம்மாவுடன் வார்டில் இருப்பேன்; பேச வேண்டுமானால் மாலை 6 மணிக்கு மேல் கூப்பிடுங்கள்.

ஆகஸ்டில் அப்பாவை அழைத்து வந்தபோது, மாடியேற முடியாத வயதானவர்களுக்காகக் கீழே இரண்டு அறை ஒதுக்கித் தருவதாக நாங்கள் கேட்கும் முன்பே சொன்னீர்கள். அதை அப்பா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதற்கு என் நன்றி.

இப்படிக்கு,
கி. சந்தானம்
தஞ்சாவூர், 12.12.2025