தனி ஊசல்: கையெழுத்துப் பாடக்குறிப்பின் தட்டச்சுப் படி

தட்டச்சு செய்தவரின் முன்குறிப்பு

நீங்கள் அனுப்பிய நான்கு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்து வரிவரியாகத் தட்டச்சு செய்திருக்கிறேன். பாடம் உங்களுடையதுதான். ஊஞ்சல் கேள்வி, குழு வேலை, நீளத்தை மூன்று முறை மாற்றிப் பார்ப்பது ஆகிய எல்லாம் அப்படியே இருக்கின்றன. நான் மாற்றிய இடங்களில் உங்கள் பழைய வரியையும் பக்கத்தில் வைத்திருக்கிறேன். பிடிக்காவிட்டால் பழையதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

படத்தில் தெளிவில்லாத இடங்கள் மூன்று.

இரண்டாம் பக்கத்தில் அலைவுகளின் எண்ணிக்கை 10-ஆ 20-ஆ என்று தெரியவில்லை, எண்ணின் மேல் எண் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஓரத்தில் "40 ÷ 20 = 2" என்று சிறிதாகக் கணக்குப் போட்டிருப்பதால் 20 என்றே எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் பக்கத்தில் நீளம் "10.0" போலத் தெரிகிறது. மேலே 25, 50 என்று வருவதாலும், 10 செ.மீ. ஊசல் 40 வினாடி எடுக்காது என்பதாலும் 100 செ.மீ. என்று படித்தேன்.

கடைசிப் பக்கத்தில் "குண்டின் நிறை கூடினால் அலைவு நேரம் கூ" என்பதோடு படம் வெட்டுப்பட்டிருந்தது. இது ஊகிக்கும் இடமில்லை. "கூடும்" என்று நான் நிரப்பியிருந்தால் பாடமே தலைகீழாகியிருக்கும். அதனால்தான் அந்தப் பக்கத்தை மட்டும் மறுபடி கேட்டேன். "கூடாது" என்றே எழுதியிருக்கிறீர்கள்.

---

பாடக்குறிப்பு

வகுப்பு: 8
பாடம்: அறிவியல்
தலைப்பு: தனி ஊசலின் அலைவு நேரம்
பாடவேளை: 45 நிமிடம்
மாணவர்கள்: 40 பேர், ஐவர் வீதம் 8 குழுக்கள்

முன்னறிவு

மாணவர்கள் அளவுகோலால் நீளம் அளப்பார்கள், நிறுத்துக் கடிகாரத்தை இயக்குவார்கள், சராசரி காண்பார்கள். "அலைவு" என்ற சொல் அவர்களுக்குப் புதிது.

துணைக்கருவிகள்

குழுவுக்கு ஒரு தாங்கி, உறுதியான நூல், ஒரே அளவுள்ள இரும்புக் குண்டு ஒன்றும் மரக் குண்டு ஒன்றும், மீட்டர் அளவுகோல், கோணமானி, நிறுத்துக் கடிகாரம், பதிவுத் தாள்.

இரு குண்டுகளும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்ற சொல்லை நான் சேர்த்தேன். நீளம் என்பது நூலின் நீளம் மட்டுமல்ல, தொங்கும் புள்ளியிலிருந்து குண்டின் மையம் வரை உள்ள தூரம். குண்டு பெரிதானால் மையம் கீழே இறங்கும், நீளம் மாறிவிடும். அப்போது "நிறையால் மாறியது" என்று மாணவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

நோக்கங்கள்

| கையெழுத்துப் படியில் | தட்டச்சுப் படியில் |
|---|---|
| தனி ஊசலைப் பற்றி அறிந்துகொள்வர் | நோ. 1: ஊசலின் நீளம், வீச்சு, ஓர் அலைவு ஆகியவற்றைத் தொங்கும் ஊசலில் சுட்டிக்காட்டுவர் |
| அலைவு நேரம் என்றால் என்னவென்று புரிந்துகொள்வர் | நோ. 2: 20 அலைவுகளுக்கான நேரத்தை அளந்து, அலைவு நேரத்தைக் கணக்கிடுவர் |
| நீளம் மாறினால் அலைவு நேரம் மாறுவதைக் கண்டறிவர் | நோ. 3: தங்கள் அளவீடுகளைக் கொண்டு, அலைவு நேரம் நீளத்தைப் பொறுத்தது, குண்டின் நிறையைப் பொறுத்ததல்ல என்று காரணத்தோடு சொல்வர் |
| அறிவியல் மனப்பான்மை வளரும் | நோ. 4: ஓர் அளவீட்டில் பிழை எங்கே நேர்ந்திருக்கும் என்று கண்டுபிடிப்பர் |

"அறிந்துகொள்வர்", "புரிந்துகொள்வர்" என்று எழுதுவது தவறில்லை, எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறோம். ஆனால் ஒரு மாணவன் புரிந்துகொண்டானா என்பதை நீங்கள் எதைப் பார்த்து முடிவு செய்வீர்கள்? சுட்டிக்காட்டினான், கணக்கிட்டான், காரணம் சொன்னான் என்றால் கண்ணுக்குத் தெரியும். நான்காவது நோக்கத்தை விட்டுவிட மனமில்லை. மனப்பான்மையை ஒரு பாடவேளையில் அளக்க முடியாது, அதன் ஒரு சிறு அடையாளத்தை அளக்கலாம். அதனால்தான் பிழை காணுதல்.

நேரப் பகிர்வு

உங்கள் படியில் உள்ள நிமிடங்களைக் கூட்டினால் 55 வருகிறது: ஆயத்தம் 5, விளக்கம் 15, செயல்பாடு 10, தொகுத்தல் 10, மதிப்பீடு 10, வீட்டுப்பாடம் 5. அதிலும் பாடத்தின் உயிரான செயல்பாட்டுக்கு 10 நிமிடம்தான். விளக்கத்தைக் குறைத்து அந்த நேரத்தை அங்கே சேர்த்திருக்கிறேன்.

| நிமிடம் | படி | நோக்கம் |
|---|---|---|
| 0–4 | ஆயத்தப்படுத்துதல் | – |
| 4–10 | கருத்து அறிமுகம் | 1 |
| 10–14 | செய்துகாட்டல் | 2 |
| 14–32 | குழுச் செயல்பாடு | 2, 3 |
| 32–38 | தொகுத்தல் | 3 |
| 38–43 | மதிப்பீடு | 1, 2, 3, 4 |
| 43–45 | வீட்டுப்பாடம் | 2, 3 |

செயல்பாடுகள்

*ஆயத்தப்படுத்துதல் (4 நிமிடம்).* ஆசிரியர் கேட்பது: "ஒரே ஊஞ்சலில் முதலில் ஒரு சிறுவன் உட்கார்ந்து ஆடுகிறான். பிறகு எடை கூடிய பெரியவர் ஒருவர் உட்கார்ந்து ஆடுகிறார். யார் சீக்கிரம் போய்த் திரும்புவார்?" கை தூக்கச் சொல்லி, சிறுவன், பெரியவர், இருவரும் ஒன்றே என மூன்று விடைகளுக்கும் எத்தனை பேர் என்று கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வைக்கவும். சரி, தவறு எதுவும் சொல்ல வேண்டாம்.

"உட்கார்ந்து" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். நின்று ஆடினால் உடலின் நிறை மையம் மேலே ஏறும், ஊசலின் நீளம் குறைந்ததற்குச் சமம், அலைவு நேரமும் குறையும். கூர்மையான மாணவர் யாராவது அதைக் கேட்டால் பாராட்டுங்கள், பதிலைத் தொகுத்தல் வரை தள்ளி வையுங்கள்.

*கருத்து அறிமுகம் (6 நிமிடம்).* ஒரு ஊசலைத் தொங்கவிட்டு நீளம், வீச்சு, ஓர் அலைவு ஆகியவற்றைக் காட்டவும். ஒரு முனையிலிருந்து மறுமுனை போய், புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால்தான் ஓர் அலைவு முழுமையாகும். இரண்டு மாணவர்களை அழைத்துச் சுட்டிக்காட்டச் செய்யவும்.

உங்கள் படியில் இங்கே கலிலியோவும் தேவாலய விளக்கும் வருகின்றன. அந்தக் கதையை அவருடைய மாணவர் விவியானி பின்னாளில் எழுதினார் என்பதால், "என்று சொல்லப்படுகிறது" என்று சேர்த்துச் சொல்லுங்கள். ஹைகன்ஸ் 1656-இல் ஊசல் கடிகாரத்தை உருவாக்கியதையும் ஒரு வரியில் சொல்லலாம். இரண்டும் சேர்ந்து ஒரு நிமிடத்தைத் தாண்டக் கூடாது.

*செய்துகாட்டல் (4 நிமிடம்).* இதை நீங்கள் ஓரக்குறிப்பாக மட்டும் எழுதியிருந்தீர்கள். தனிப் படியாகவே உயர்த்தியிருக்கிறேன், ஏனென்றால் எண்ணுவதில்தான் வகுப்பு முழுக்கத் தவறும். குண்டை விடும்போதே "ஒன்று" என்று தொடங்கினால், "இருபது" சொல்லும்போது 19 அலைவுகள்தான் முடிந்திருக்கும். விடும்போது "சுழி" என்று சொல்லி, முதல் அலைவு முடிந்து குண்டு திரும்பியதும் "ஒன்று" சொல்ல வேண்டும். ஆசிரியர் ஒருமுறை செய்துகாட்ட, வகுப்பு முழுவதும் உரக்கச் சேர்ந்து எண்ணட்டும். குண்டைத் தள்ளக் கூடாது, 10 பாகைக்குள் இழுத்துப் பிடித்துச் சும்மா விட வேண்டும் என்பதையும் அப்போதே காட்டவும்.

*குழுச் செயல்பாடு (18 நிமிடம்).* ஒருவர் நீளம் அளப்பார், ஒருவர் குண்டை விடுவார், ஒருவர் எண்ணுவார், ஒருவர் கடிகாரம் பார்ப்பார், ஒருவர் பதிவு செய்வார்.

முதல் பகுதியில் எல்லாக் குழுக்களும் இரும்புக் குண்டைக் கொண்டு 25, 50, 100 செ.மீ. நீளங்களில் 20 அலைவுகளின் நேரத்தை இரண்டு முறை வீதம் அளக்க வேண்டும். இரண்டாம் பகுதியில் நீளம் 50 செ.மீ. மட்டும். 1 முதல் 4 வரையுள்ள குழுக்கள் இரும்பு, மரக் குண்டுகளை மாற்றிப் பார்க்கும், 5 முதல் 8 வரையுள்ள குழுக்கள் 5 பாகை, 10 பாகை என வீச்சை மாற்றிப் பார்க்கும். நீங்கள் "நேரம் இருந்தால் வீச்சு" என்று எழுதியிருந்தீர்கள். குழுக்களைப் பிரித்துக் கொடுத்தால் நேரம் இருக்கும்.

18 நிமிடம் எப்படி வந்தது என்றால், முதல் பகுதியில் ஊசல் ஆடும் நேரம் மட்டும் ஏறத்தாழ 3 நிமிடம், இரண்டாம் பகுதியில் 2 நிமிடம். மீதி முழுவதும் முடிச்சு அவிழ்த்துக் கட்டுவது, நீளம் சரிபார்ப்பது, எழுதுவது. 10 நிமிடத்தில் முடிக்கச் சொன்னால் மாணவர்கள் இரண்டாவது அளவீட்டை எடுக்காமல் முதலாவதையே பார்த்து எழுதுவார்கள்.

ஆசிரியர் கையில் வைத்துக்கொள்ள, எதிர்பார்க்கும் அளவுகள்:

| நீளம் (செ.மீ.) | 20 அலைவுகள் (வினாடி) | அலைவு நேரம் (வினாடி) |
|---|---|---|
| 25 | 20 | 1.0 |
| 50 | 28 | 1.4 |
| 100 | 40 | 2.0 |

இதை முன்கூட்டியே கரும்பலகையில் எழுதிவிடாதீர்கள்.

*தொகுத்தல் (6 நிமிடம்).* எட்டுக் குழுக்களின் அலைவு நேரங்களும் ஒரே அட்டவணையில் கரும்பலகையில் ஏறட்டும். கேள்விகள்: "25-ஐ 100 ஆக்கினோம், நீளம் எத்தனை மடங்கு? நேரம் எத்தனை மடங்கு?" நீளம் நான்கு மடங்கானால் நேரம் இரு மடங்கு என்பது மாணவர்கள் வாயிலிருந்தே வர வேண்டும். வர்க்கமூலச் சூத்திரம் இந்த வகுப்புக்குத் தேவையில்லை. பிறகு ஓரத்தில் எழுதிய ஊஞ்சல் எண்ணிக்கைக்குத் திரும்பி, யார் தம் விடையை மாற்றிக்கொள்கிறார்கள், எந்த அளவீட்டைப் பார்த்து என்று கேட்கவும்.

மதிப்பீடு

செயல்பாட்டின்போது ஆசிரியர் குழுவுக்குக் குழு போய்ப் பார்ப்பவை: குண்டின் மையம் வரை அளக்கிறார்களா, சுழியிலிருந்து எண்ணுகிறார்களா, இரண்டு முறையும் உண்மையாகவே அளந்தார்களா.

சிறுதாள், தனியாக எழுத வேண்டும், 5 நிமிடம், 8 மதிப்பெண்:

1. தொங்கும் ஊசலை வரைந்து அதன் நீளத்தைக் குறிக்கவும். (2, நோ. 1)
விடை: தொங்கும் புள்ளியிலிருந்து குண்டின் மையம் வரை. குண்டின் அடி வரை குறித்தால் 1 மதிப்பெண்.

2. ஓர் ஊசல் 20 அலைவுகளுக்கு 36 வினாடி எடுக்கிறது. அலைவு நேரம் என்ன? (2, நோ. 2)
விடை: 1.8 வினாடி. அலகு இல்லையெனில் 1 மதிப்பெண்.

3. ஒரே அளவுள்ள மரக் குண்டும் இரும்புக் குண்டும் ஒரே நீள நூலில் ஆடுகின்றன. எதன் அலைவு நேரம் அதிகம்? வகுப்பில் கிடைத்த அளவீட்டைச் சொல்லிக் காரணம் எழுதவும். (2, நோ. 3)
விடை: இரண்டும் ஒன்றே. அளவீட்டைச் சொல்லாமல் விடை மட்டும் எழுதினால் 1 மதிப்பெண்.

4. ஒரு குழு சரியாக 100 செ.மீ. நீளம் வைத்தும் அலைவு நேரம் 1.9 வினாடி என்று பெற்றது. எண்ணியதில் என்ன தவறு நேர்ந்திருக்கலாம்? (2, நோ. 4)
விடை: குண்டை விடும்போதே "ஒன்று" என்று தொடங்கி, 19 அலைவுகளை 20 என்று கொண்டார்கள்.

உங்கள் படியில் இருந்த "தனி ஊசல் வரையறு", "அலைவு நேரம் வரையறு", "அலைவு நேரத்தைப் பாதிக்கும் காரணிகள் யாவை" என்ற மூன்று கேள்விகளுக்கும் செயல்பாடு எதுவும் செய்யாமலே புத்தகத்தைப் பார்த்து விடை எழுதிவிடலாம். உங்கள் மூன்றாவது நோக்கம் மிக நல்ல நோக்கம், அதைச் சோதிக்க ஒரு கேள்விகூட இல்லாதிருந்தது. வரையறைகளை வீட்டுப்பாடத்துக்கு மாற்றிவிட்டேன்.

மூன்றாம் கேள்வியில் பாதிப் பேருக்கு மேல் தவறினால், அடுத்த பாடவேளையின் முதல் 5 நிமிடத்தில் இரண்டு ஊசல்களையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டு ஒரே நேரத்தில் விட்டுக் காட்டவும்.

வீட்டுப்பாடம்

நூலும் ஒரு சிறு கல்லும் கொண்டு, ஓர் அலைவுக்குச் சரியாக 1 வினாடி எடுக்கும் ஊசல் செய்து, அதன் நீளத்தைக் குறித்து வரவும். (25 செ.மீ. அளவில் வரும்.) தனி ஊசல், அலைவு நேரம் இரண்டுக்கும் சொந்த நடையில் வரையறை எழுதவும்.

---

அடுத்த பாடத்துக்கு இதே கோப்பைப் படியெடுத்து, தலைப்புகளை விட்டுவிட்டு உள்ளே உள்ளதை மாற்றுங்கள். முதலில் நோக்கங்கள், உடனே அவற்றுக்கான மதிப்பீட்டுக் கேள்விகள், அதன் பிறகுதான் செயல்பாடுகள், கடைசியில் நிமிடங்கள் என்ற வரிசையில் நிரப்புங்கள். கையால் எழுதுவதை நிறுத்த வேண்டாம், ஓரக்குறிப்புகளில்தான் உங்கள் நல்ல யோசனைகள் இருந்தன. படம் எடுக்கும்போது மட்டும் தாளின் நான்கு ஓரங்களும் சட்டத்துக்குள் வரும்படி எடுங்கள்.