பக்கவிளைவைத் தொட்டுவிடும் விடைகள்: மருந்தியல் பயிற்சித் தாள்

இராமநாதபுரம் கடற்கரைப் பகுதியில் செவிலியர், டிப்ளமோ பார்மசி படிக்கும் மாணவர்களுக்கு. வினாக்கள் 7. நேரம் 15 நிமிடம். விளக்கத்தைப் படிக்கும் முன் ஏழுக்கும் விடை குறித்துவிடுங்கள்.

மருந்து வேலை செய்யும் விதத்தைக் கேட்கும் வினாவில் பக்கவிளைவைத் தேர்ந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் படிக்காதவர்கள் அல்லர். அந்த வரி அந்த மருந்தைப் பற்றிய உண்மைதான். படித்த வரி கண்ணில் பட்டதும் கை அங்கே போய்விடுகிறது. ஆகவே "இது சரியான தகவலா?" என்று கேட்டுப் பயனில்லை. வேறொன்றைக் கேளுங்கள்: "இந்த விளைவை மட்டும் தடுத்துவிட்டால், நோய்க்கு மருந்து தரும் பலன் நிற்குமா, தொடருமா?" பலன் தொடர்ந்தால் நீங்கள் தொட்டிருப்பது பக்கவிளைவு. இந்தச் சோதனை கைவிடும் இடமும் உண்டு, அது 5ஆம் வினாவில் வருகிறது.

வினா 1. வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை செய்யும் 58 வயதுக்காரர். இரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில் 5 மி.கி. தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. அழுத்தம் இறங்கியிருக்கிறது, ஆனால் சளியில்லாத வறட்டு இருமல் இரவெல்லாம். எனலாப்ரில் இரத்த அழுத்தத்தைக் குறைப்பது முதன்மையாக எவ்வாறு?

அ) மூச்சுக்குழாயில் பிராடிகைனின் சேர்வதால்
ஆ) ஆஞ்சியோடென்சின் 1, ஆஞ்சியோடென்சின் 2 ஆக மாறுவதைத் தடுப்பதால்
இ) ஆஞ்சியோடென்சின் 2 அமரும் ரிசெப்டரை அடைப்பதால்
ஈ) இரத்தக்குழாய்த் தசைக்குள் கால்சியம் நுழைவதைத் தடுப்பதால்

வினா 2. அதே நோயாளி, அதே நான்கு விடைகள். அவருக்கு வந்த இருமலுக்குக் காரணம் எது?

*விடை: 1–ஆ, 2–அ.*

இரண்டையும் அடுத்தடுத்து வைத்ததற்குக் காரணம் உண்டு. நோயாளியின் கதை மாறவில்லை, விடைகள் மாறவில்லை, கடைசி வரி மட்டும் மாறியது. கதையில் இருமல் பெரிதாகத் தெரிவதால் முதல் வினாவிலேயே அ-வைக் குறித்தவர்கள் கதைக்கு விடை எழுதியிருக்கிறார்கள், கேள்விக்கு எழுதவில்லை. இனி எந்த வினாவிலும் கடைசி வரியை முதலில் படியுங்கள்.

ஒரே நொதிதான் இரண்டு வேலையையும் செய்கிறது: ஆஞ்சியோடென்சின் 2-ஐ உருவாக்குகிறது, பிராடிகைனினைச் சிதைக்கிறது. அதை மருந்து நிறுத்தும்போது முதலாவது குறைகிறது, இரண்டாவது தேங்குகிறது. நன்றாகப் படித்த மாணவர் இங்கே வாதாடுவார்: "பிராடிகைனினும் இரத்தக்குழாயை விரிக்கும், அழுத்தம் இறங்க அதற்கும் கொஞ்சம் பங்கு உண்டே?" உண்டு. ஆனால் வினா 'முதன்மையாக' என்கிறது, விடை அ 'மூச்சுக்குழாயில்' என்கிறது. மூச்சுக்குழாயில் சேர்வது அழுத்தத்தை இறக்காது.

சோதித்துப் பாருங்கள். லோசார்டானுக்கு மாற்றினால் பிராடிகைனின் தேங்காது, இருமல் பொதுவாக ஒன்று முதல் நான்கு வாரத்தில் அடங்கும், அழுத்தமோ கட்டுக்குள் இருக்கும். விடை இ அந்த லோசார்டானின் வேலை. இருமலுக்கு சிரப் கொடுத்துக்கொண்டே எனலாப்ரிலைத் தொடர்வது வீண். உதடும் நாக்கும் வீங்கினால் மருந்தை உடனே நிறுத்த வேண்டும், அந்த நோயாளிக்கு இந்த வகை மருந்தைப் பிறகு ஒருபோதும் கொடுக்கக்கூடாது.

வினா 3. தொண்டியில் காசநோய்க்கு மருந்து எடுக்கும் 44 வயதுச் சர்க்கரை நோயாளி, இரண்டு பாதத்திலும் எரிச்சல், மதமதப்பு என்கிறார். ஐசோனியாசிட் காசநோய்க் கிருமியைக் கொல்வது எவ்வாறு?

அ) பைரிடாக்சினின் செயலைக் கெடுத்து
ஆ) ஆர்.என்.ஏ. பாலிமெரேஸ் நொதியைத் தடுத்து
இ) மைக்காலிக் அமிலம் உருவாவதைத் தடுத்து
ஈ) அராபினோசில் டிரான்ஸ்ஃபெரேஸ் நொதியைத் தடுத்து

*விடை: இ.*

இந்தத் தாளிலேயே அதிகம் ஏமாற்றும் விடை இதில் உள்ள அ. மற்ற பக்கவிளைவுகள் எரிச்சல், நடுக்கம் என்று அறிகுறியாக வரும், பார்த்ததும் அடையாளம் தெரியும். இதுவோ மெக்கானிசம் போலவே உடுத்திக்கொண்டு வருகிறது. வைட்டமின், வேதிவினை எல்லாம் இருக்கிறது. ஆனால் அது நரம்பு பாதிக்கப்படுவதன் மெக்கானிசம், கிருமி சாவதன் மெக்கானிசம் அல்ல. ஐசோனியாசிட் பைரிடாக்சாலோடு சேர்ந்து அதைச் செயலற்றதாக்கி வெளியேற்றுகிறது. அந்தக் குறை நோயாளியின் நரம்பைத் தாக்குகிறது.

கிருமியின் உள்ளே நடப்பது வேறு. ஐசோனியாசிட் அப்படியே வேலை செய்யாது. கிருமியின் கேட்-ஜி என்ற நொதி அதைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்ற வேண்டும். அதன்பின் அது இன்-ஹெச்-ஏ நொதியை முடக்குகிறது, சுவருக்கு வேண்டிய மைக்காலிக் அமிலம் நின்றுபோகிறது. கேட்-ஜி மரபணு பழுதான கிருமி இந்த மருந்துக்கு அடங்காததும் இதனால்தான். அ-வைக் குறித்தவரால் அந்த எதிர்ப்புத்திறனை விளக்கவே முடியாது.

சோதனை: சிகிச்சையோடு தினமும் 10 மி.கி. பைரிடாக்சின் கொடுக்கிறோம். கிருமி தொடர்ந்து சாகிறது. சர்க்கரை நோயாளி, மது அருந்துபவர், கர்ப்பிணி ஆகியோருக்கு இதை விட்டுவிடக் கூடாது. எரிச்சல் தொடங்கிவிட்டால் 10 மி.கி. போதாது, மருத்துவரிடம் சொல்லி அளவைக் கூட்ட வேண்டும். "காசநோய் மாத்திரைதான் காலை எரிக்கிறது" என்று நோயாளி தானாக நிறுத்திவிடுவதுதான் நடக்கக்கூடிய பெரிய கேடு.

ஆ ரிஃபாம்பிசின் (சிறுநீர் செம்மஞ்சளாவது அதன் பக்கவிளைவு), ஈ எதாம்பியூட்டால் (சிவப்பு–பச்சை வேறுபாடு தெரியாமல் போவது அதன் பக்கவிளைவு). நான்கையும் அட்டவணை போட்டுப் படிப்பவர்கள் மெக்கானிசத்துக்கும் பக்கவிளைவுக்கும் இரண்டு வேறு நிற மை வைத்துக்கொள்ளுங்கள்.

வினா 4. பாம்பனில் நாட்டுப்படகு மீனவர், 31 வயது. ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலுக்கு டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. இரு வேளை. காய்ச்சல் விட்டதும் கடலுக்குப் போனார். முகமும் புறங்கையும் வெந்ததுபோல் சிவந்துவிட்டன. மருந்து கிருமியை அடக்குவது எவ்வாறு?

அ) வெயில் பட்டதும் தோலில் நச்சுவினையைத் தூண்டி
ஆ) கால்சியத்தோடு பிணைந்து
இ) கிருமியின் செல்சுவரைச் சிதைத்து
ஈ) 30எஸ் ரைபோசோம் துணை அலகில் அமர்ந்து, புரத உற்பத்தியை நிறுத்தி

*விடை: ஈ.*

அ-வைப் பெரும்பாலோர் தவிர்த்துவிடுவார்கள், ஆ-வில் சிக்குவார்கள். கால்சியத்தோடு பிணைவதால் பல்லில் கறை படிகிறது, பாலோடும் ஆன்டாசிடோடும் சாப்பிட்டால் மருந்து உடலில் ஏறுவது குறைகிறது. அதாவது அந்தப் பிணைப்பு மருந்தின் பலனைக் குறைக்கிறது. பலனைக் குறைக்கும் ஒன்று பலனுக்குக் காரணமாக இருக்க முடியாது.

மருந்து கொடுக்கும்போது மீனவரிடம் சொல்ல வேண்டியவை: முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும். ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டுப் படகிலேயே சாய்ந்தால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். மருந்து முடியும்வரை முழுக்கைச் சட்டை, முகம் மறையும் துண்டு. நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் வெயிலும் சுடும் என்பதால் தொப்பி மட்டும் போதாது.

வினா 5. மண்டபத்தில் கருவாடு காயப்போடும் பெண், ஆஸ்துமா. சால்பியூட்டமால் 5 மி.கி. நெபுலைசர் வைத்தபின் மூச்சு இலேசானது, கை நடுங்குகிறது. மூச்சு இலேசானது எதனால்?

அ) எலும்புத்தசையின் பீட்டா-2 ரிசெப்டர் தூண்டப்பட்டதால்
ஆ) பொட்டாசியம் செல்லுக்குள் போனதால்
இ) மூச்சுக்குழாய்த் தசையின் பீட்டா-2 ரிசெப்டர் தூண்டப்பட்டு, சைக்ளிக் ஏ.எம்.பி. கூடியதால்
ஈ) மஸ்கரினிக் ரிசெப்டர் அடைபட்டதால்

*விடை: இ.*

சோதனை கைவிடும் இடம் இதுதான். நடுக்கத்தை ப்ரொப்ரனலால் கொடுத்து அடக்கினால் மூச்சும் அடைத்துக்கொள்ளும், ஏனெனில் இரண்டும் ஒரே ரிசெப்டர். இப்படிப்பட்ட இடத்தில் 'எந்த உறுப்பு?' என்று கேளுங்கள். வினா மூச்சைக் கேட்கிறது, விடையில் மூச்சுக்குழாய் இருக்க வேண்டும். ஆ-வைப் பற்றி ஒன்று: இரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தாக ஏறியவருக்கு இதே மருந்தை 10 முதல் 20 மி.கி. நெபுலைசராக வைப்பார்கள். அங்கே பக்கவிளைவே சிகிச்சையாகிவிடுகிறது. எந்த நோய்க்குக் கொடுத்தோம் என்பதைப் பார்க்காமல் ஒரு விளைவைப் 'பக்க' விளைவு என்று சொல்ல முடியாது.

வினா 6. ஏர்வாடி. காதில் குரல் கேட்பதாகச் சொன்ன 24 வயது இளைஞருக்கு ஹாலோபெரிடால் தொடங்கிய இரண்டாம் நாள் கழுத்து ஒருபக்கம் திருகிக்கொண்டது. குரல் கேட்பதை மருந்து குறைப்பது எவ்வாறு?

அ) நைக்ரோஸ்ட்ரையேட்டல் பாதையில் டி2 ரிசெப்டரை அடைத்து
ஆ) மீசோலிம்பிக் பாதையில் டி2 ரிசெப்டரை அடைத்து
இ) பிட்யூட்டரிக்குச் செல்லும் பாதையில் டி2 ரிசெப்டரை அடைத்து
ஈ) அசிட்டைல்கோலினைத் தடுத்து

*விடை: ஆ.* அ கழுத்துத் திருகல், இ புரோலாக்டின் ஏறி மார்பில் பால் சுரப்பது. திருகலுக்கு ப்ரோமெதசின் 25 முதல் 50 மி.கி. தசையில் போடுவார்கள். கழுத்து இளகும், மனநோய்க்கான பலன் போகாது. நம் சோதனை இங்கே மறுபடி கைகொடுக்கிறது. கழுத்துத் திருகலைக் கண்டு பயந்துபோகும் குடும்பத்துக்கு, இது மருந்தால் வந்தது, சில நிமிடங்களில் சரியாகும் என்று அந்த இடத்திலேயே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அடுத்த முறை மருந்து வாங்க வரமாட்டார்கள்.

வினா 7. சாயல்குடி பக்கம் மிளகாய்த் தோட்டத்தில் மருந்தடித்தவர். கண்மணி ஊசிமுனை அளவு, வாயில் நுரை, நெஞ்சில் கரகர சத்தம், நாடித்துடிப்பு 52. ஆர்கனோபாஸ்பேட் நச்சு. அட்ரோபின் உதவுவது எவ்வாறு?

அ) நாடியைக் கூட்டி, கண்மணியை விரித்து
ஆ) கோலினெஸ்டெரேஸ் நொதியை மீட்டெடுத்து
இ) இரத்தத்தில் நச்சைச் சிதைத்து
ஈ) மஸ்கரினிக் ரிசெப்டரில் அசிட்டைல்கோலினோடு போட்டியிட்டு அதை விலக்கி

*விடை: ஈ.* ஆ பிராலிடாக்சிமின் வேலை.

அ-வைக் குறித்தவர் வார்டிலும் அதையே இலக்காக வைப்பார், அதுதான் கவலை. கண்மணி விரிந்தது, நாடி 110, போதும் என்று நிறுத்திவிடுவார். நெஞ்சில் நீர் அப்படியே இருக்கும். உயிரைப் பறிப்பது அந்த நீர்தான். பெரியவருக்குத் தொடக்கம் 1.8 முதல் 3 மி.கி. நரம்பில். 0.6 மி.கி. ஆம்பூலில் இது மூன்று முதல் ஐந்து ஆம்பூல். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள், முன்னேற்றம் இல்லையென்றால் அளவை இரட்டிப்பாக்க வேண்டும். பார்க்க வேண்டியவை: நெஞ்சு சத்தம் நீங்கியதா, நாடி 80-க்கு மேலா, மேல் அழுத்தம் 80-க்கு மேலா, அக்குள் காய்ந்ததா. நாடி வேகமாக இருக்கிறது என்பது அட்ரோபினை மறுக்கக் காரணமாகாது.

மெக்கானிசம் தெரிந்தவருக்கு இன்னொன்றும் புரியும். அட்ரோபின் மஸ்கரினிக் ரிசெப்டரை மட்டும் அடைக்கிறது, தசையிலிருக்கும் நிக்கோட்டினிக் ரிசெப்டரைத் தொடுவதில்லை. நுரை காய்ந்த பிறகும் கழுத்தைத் தூக்க முடியாமல் போகலாம், மூச்சுத்தசை தளரலாம். எனவே நெஞ்சு தெளிந்த நோயாளியிடமும் "தலையைத் தூக்குங்கள்" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தூக்க முடியாவிட்டால் வென்டிலேட்டர் உள்ள இடத்துக்கு உடனே ஏற்பாடு.

அளவு மீறினால் பிதற்றல், காய்ச்சல், வயிற்றுச் சத்தம் அறவே இல்லாமை மூன்றும் சேர்ந்து வரும். அப்போது சொட்டாக ஏற்றும் அட்ரோபினை நிறுத்தி, அரை மணிக்குள் மறுபடி பார்த்து, அறிகுறி அடங்கியதும் முன்பிருந்ததைவிடக் குறைந்த வேகத்தில் தொடங்குவார்கள்.