ஆடிப்பெருக்குக்கு முந்தின வாரம்: தண்ணீர் விளையாட்டுத் திட்டம்

டீச்சர்களுக்கும் ஆயாம்மாவுக்கும், உதவிக்கு வரப்போகிற இரண்டு அம்மாக்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். திங்கள் காலைக்குள் எல்லாரும் ஒருமுறை படித்துவிடுங்கள். மொத்தம் பதினெட்டுப் பிள்ளைகள், மூன்று வயதிலிருந்து ஐந்து வரை. தினமும் பத்து மணிக்குத் தொடங்கி முக்கால் மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம்.

நம் பிள்ளைகள் வாய்க்கால் ஓரத்தில்தான் வளர்கிறார்கள், ஆனால் தண்ணீரைப் பற்றி அவர்கள் நாள் முழுக்கக் கேட்பது "கிட்டப் போகாதே" மட்டும்தான். அது சரியான எச்சரிக்கை, நாமும் சொல்லத்தான் போகிறோம். ஆனால் கையளவு தண்ணீரில் பயமில்லாமல் விளையாட ஒரு இடமும் அவர்களுக்கு வேண்டும், அதை நாம்தான் தர முடியும்.

இன்னொன்று. தண்ணீர் என்றாலே எல்லாப் பிள்ளையும் துள்ளும் என்று நினைத்துவிடாதீர்கள். சட்டையில் ஒரு சொட்டு பட்டாலே அழுகிற பிள்ளை நம்மிடம் இருக்கிறாள். எவர்சில்வர் சொம்பு தரையில் விழுந்தால் காதைப் பொத்திக்கொண்டு மூலைக்கு ஓடுகிறவன் இருக்கிறான். தலையோடு நனைந்தாலும் போதாது என்று தேடித்தேடிப் போகிறவர்கள் இரண்டு பேர். எல்லாருக்கும் ஒரே விளையாட்டுதான், ஆனால் எவ்வளவு கிட்ட வருவது என்பதை அந்தந்தப் பிள்ளைதான் முடிவு செய்யும்.

மூன்று இடங்கள்

வாரம் முழுக்க இந்த ஏற்பாடு மாறாது. திண்ணை, பார்க்கிற இடம். கோரைப்பாய், கை நனையாமல் விளையாடுகிற இடம். முற்றத்தில் தொட்டி. எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம், எப்போது வேண்டுமானாலும் எழுந்து மாறலாம். "வாடா கண்ணு, ஒருதடவை தொட்டுப் பாரு" என்று கையைப் பிடித்து இழுப்பது யாரும் செய்யக் கூடாது, அன்பாகக்கூட. போன வருடம் நானே ஒரு குழந்தையின் கையை எடுத்து மாவுக் கரைசலில் வைத்துவிட்டேன். அதற்கப்புறம் மூன்று வாரம் அவள் என் பக்கத்தில் உட்காரவே இல்லை. திண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தாலும் அந்தப் பிள்ளை வகுப்பில்தான் இருக்கிறது, வருகைப் பதிவில் எழுதுகிற குறிப்பிலும் "கலந்துகொள்ளவில்லை" என்று எழுதாதீர்கள், "திண்ணையில் இருந்து பார்த்தாள்" என்று எழுதுங்கள்.

பேச்சு வராத பிள்ளைகளுக்காக மூன்று அட்டை வரைந்து கயிற்றில் கோத்திருக்கிறேன்: சொம்பு என்றால் இன்னும் வேண்டும், விரித்த கை என்றால் போதும், துண்டு என்றால் துடைத்துவிடு. "போதும்" அட்டையைக் காட்டிய அந்த நொடியே நிறுத்த வேண்டும். ஒருதடவை நாம் கேட்காமல் விட்டால் அந்த அட்டை வெறும் அட்டையாகிவிடும். அன்றைக்கு என்னென்ன நடக்கும் என்பதையும் காலையிலேயே நான்கு படமாகச் சுவரில் ஒட்டிவிடுங்கள், கடைசிப் படம் எப்போதும் துண்டால் துடைப்பது. முடிவு எப்போது என்று தெரிந்தால் பாதிப் பதற்றம் அடங்கிவிடும்.

பாதுகாப்புப் பற்றி நீட்டமாட்டேன், ஆனால் இதில் விட்டுக்கொடுப்பும் கிடையாது. தொட்டியில் தண்ணீர் நான்கு விரல் உயரத்துக்கு மேல் நிற்கக் கூடாது. சின்னக் குழந்தைக்கு அந்தத் தண்ணீரே ஆபத்துதான், மூழ்கும்போது சத்தமும் வராது. அதனால் ஒரு பெரியவர் தொட்டியைப் பார்ப்பதை மட்டுமே வேலையாக வைத்துக்கொள்ள வேண்டும், போனை எடுக்கக் கூடாது, வாசலில் யார் கூப்பிட்டாலும் வேறு ஆள் வந்து நின்ற பிறகுதான் நகர வேண்டும். வலிப்புக்கு மருந்து சாப்பிடுகிற பையன் தொட்டிக்கு வந்தால் அவன் பக்கத்தில் கையெட்டும் தூரத்தில் தனியாக ஒருவர். முடிந்ததும் தொட்டி, குண்டான், சொம்பு எல்லாவற்றையும் உடனே கவிழ்த்துவிடுங்கள். கொசுவுக்கும் அது நல்லது. ஆற்றுக்கோ வாய்க்காலுக்கோ பிள்ளைகளை அழைத்துப் போகப் போவதில்லை, வெள்ளிக்கிழமையும் இல்லை.

திங்கள்: படியும் உழக்கும்

ஆயாம்மா வீட்டில் பழைய படி, உழக்கு, ஆழாக்கு மூன்றும் இருக்கின்றன, கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கூடவே கொட்டாங்குச்சி, பால் வடிகட்டி, அடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பா. நாம் எதையும் சொல்லித்தர வேண்டாம், ஊற்றட்டும். பத்து நிமிடம் போனதும், "இந்தப் படி நிறைய எத்தனை உழக்கு ஊற்றணும்?" என்று மட்டும் கேளுங்கள். நான்கு. எண்ணத் தெரியாத பிள்ளைக்கு ஒவ்வொரு உழக்குக்கும் ஒரு கூழாங்கல் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், வாயில் போக முடியாத அளவுக்குப் பெரிய கல்லாக.

சத்தத்துக்குப் பயப்படுகிறவனுக்காகத் தொட்டிக்கு அடியில் பழைய போர்வையை மடித்துப் போடுங்கள், முற்றத்தில் எவர்சில்வர் எதுவும் வேண்டாம். தண்ணீரைக் காலை எட்டு மணிக்கே பிடித்து வெயிலில் வைத்தால் சில்லென்று இருக்காது, வைக்கும்போது மேலே பலகை மூடியிருக்கட்டும். பாயில் இதே அளவை விளையாட்டு கேழ்வரகில். நெல் வேண்டாம், சுணை அரிக்கும். அதிகமாக நனையத் தேடுகிற இரண்டு பேருக்கும் வேலை கொடுங்கள்: அரைக்குடம் தண்ணீரை இருவரும் சேர்ந்து தூக்கி வந்து தொட்டியில் ஊற்றுவது, ஈரத் துண்டைப் பிழிவது. கனமான வேலை கைக்கும் தோளுக்கும் கிடைத்தால் அவர்கள் தண்ணீரை அடித்துத் தெளிப்பது தானாகக் குறையும்.

செவ்வாய்: பதரும் விதைநெல்லும்

மிதக்குமா, மூழ்குமா. இதை எல்லாப் பள்ளியிலும் செய்வார்கள், நாம் நம் வயல் வழியாகப் போவோம். முதலில் கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, எலுமிச்சை, பூவரச இலை, சாவி, மட்டை உரித்த தேங்காய். போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு பிள்ளையும் கையை மேலே தூக்கியோ கீழே இறக்கியோ ஊகம் சொல்லட்டும். தேங்காயைப் போட்டதும் அவர்கள் முகத்தைப் பாருங்கள், அவ்வளவு கனமானது எப்படி மிதக்கிறது என்று நம்பவே மாட்டார்கள்.

அப்புறம் ஒரு கைப்பிடி நெல். நாற்று விடுவதற்கு முன் தாத்தா அப்பாவெல்லாம் விதைநெல்லை உப்புத் தண்ணீரில் போட்டுப் பதரை அரித்தெடுப்பதைப் பல பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். அதே முறைதான். வாளியில் முட்டையைப் போட்டால் அடியில் கிடக்கும், உப்பைக் கரைத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் மேலே வரும். அந்தப் பதத்தில் நெல்லைக் கொட்டினால் பதர் மிதக்கும், நல்ல விதை அடியில் தங்கும். உப்பு கலக்குவதும் முட்டையைத் தொடுவதும் டீச்சர் வேலை, கையில் சிராய்ப்பு உள்ள பிள்ளை உப்புத் தண்ணீரில் கை விட வேண்டாம். மிதக்கிற பதரை வடிகட்டியால் அள்ளுவது பிள்ளைகள் வேலை, நீளக் காம்புள்ள வடிகட்டியாக இருந்தால் நனைய விரும்பாத பிள்ளையும் வந்துவிடும். மூன்று வயதுக்காரர்கள் நெல்லை மூக்கில் போட்டுக்கொள்வார்கள், அந்த நேரம் முழுக்க ஒருவர் அவர்களோடு.

பாயில் இருப்பவர்களுக்கு மூடிய பாட்டில்: பாதிக்குச் சங்குப்பூ ஊறிய நீலத் தண்ணீர், மேலே நல்லெண்ணெய், இரண்டு பாசிமணி, மூடியைப் பசை போட்டு ஒட்டியாயிற்று. சாய்த்தால் மெதுவாக ஓடும், சத்தமே இல்லை. படபடப்பாக இருக்கிற பிள்ளையிடம் இதைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் பேசாமல் உட்காருங்கள்.

புதன்: முற்றத்தில் கல்லணை

எனக்கு இந்த வாரத்தில் ரொம்பப் பிடித்த நாள் இதுதான், அதனால் நேரம் கொஞ்சம் இழுத்தாலும் பரவாயில்லை. முற்றத்து மணலைச் சாய்வாகக் குவித்து, மேலே வாளி, அது மேட்டூர். நடுவில் இரண்டு செங்கல், அது கல்லணை. அங்கிருந்து நான்கு கோடு விரலால் கீறுங்கள்: கொள்ளிடம், காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய். பெயர் மனப்பாடம் ஆக வேண்டியதில்லை, ஆனால் நம் ஊர்த் தண்ணீர் எங்கிருந்தோ நடந்து வருகிறது என்பது அவர்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். வழக்கமாக ஜூன் 12 அன்று மேட்டூரைத் திறப்பார்கள், தண்ணீர் கல்லணைக்கு வந்துசேர இரண்டு மூன்று நாள் ஆகும், அதை "மேட்டூர்ல தூங்கி எழுந்து, வழியில தூங்கி எழுந்து வருது" என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

பழைய சிலேட்டுகள்தான் மதகுப் பலகை. ஒரு பிள்ளை மதகைத் தூக்கும், ஒரு பிள்ளை சொம்பால் ஊற்றும், கீழே ஆளுக்கொரு பாத்தியில் நான்கு பூவரச இலையை நட்டு வயல். தண்ணீர் வராத வயல்காரன் கட்டாயம் கத்துவான். விடுங்கள், உடனே தீர்ப்புச் சொல்லாதீர்கள். "அவன் வயல் காயுதே, என்ன பண்ணலாம்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். முறை வைத்து மதகைத் திறக்கிற யோசனை ஐந்து வயதுக்காரர்களிடமிருந்தே வரும், வராவிட்டால் மூன்றாவது தடவை நாம் சொல்லலாம்.

ஈர மணல் கையில் ஒட்டுவது சில பிள்ளைகளுக்குத் தாங்காது. அவர்களுக்கு மதகுக்காரர் வேலை, சிலேட்டின் மேல்விளிம்பு உலர்ந்தே இருக்கும். கரண்டி, குச்சி, கையுறையும் பக்கத்தில் இருக்கட்டும், கேட்டால் கொடுங்கள். கால் மண்ணில் படக் கூடாது என்கிறவர்கள் செருப்போடு வரட்டும்.

வியாழன்: நீலம் ஊதாவாகும்

புதன்கிழமைக் களைப்பு இருக்கும், அதனால் இது அமைதியான நாள், உள்ளே, மின்விசிறியை மெதுவாக வைத்து. சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்து ஆறவிட்ட நீலத் தண்ணீர், ஆளுக்குக் கால் டம்ளர். எலுமிச்சைச் சாறு சில சொட்டு விட்டால் ஊதாவாகும், இன்னும் விட்டால் ரோஸ் நிறம். விரலில் சாறு படக்கூடாதென்றால் மருந்துச் சொட்டுக் குழாய். எலுமிச்சை வாசனை பிடிக்காதவர் சன்னல் பக்கம் உட்காரலாம். அவ்வளவுதான்.

வெள்ளி: சேலை ஆறு

ஆடிப்பெருக்கை இங்கேயே கொண்டாடுகிறோம். இரண்டு நீலச் சேலைகளைக் கூடத்தில் நீளமாக விரித்து, இரண்டு பக்கமும் பெரியவர்கள் பிடித்து மெதுவாக அலையடிக்க வேண்டும். சேலைக்கு அடியில் படுக்க ஆசைப்படுகிறவர்கள் படுக்கலாம், தாண்ட விரும்புகிறவர்கள் தாண்டலாம். வாழைமட்டையில் செய்த குட்டித் தெப்பங்களை முற்றத்துத் தொட்டியில் விடலாம், விளக்கு ஏற்ற வேண்டாம், செம்பருத்தி வைத்தால் போதும். தீப்பெட்டி அட்டையில் செய்த சப்பரங்களை நூல் கட்டி இழுத்துக்கொண்டு வருவார்கள், உறுமியோ தட்டோ வேண்டாம், பூவரசம் பீப்பி மட்டும், அதுவும் வாசலுக்கு வெளியே. சத்தம் தொடங்கப் போகிறது என்று கையை உயர்த்திக் காட்டிவிட்டுத்தான் ஊத வேண்டும், சத்தத்துக்குப் பயப்படுகிறவனுக்குக் காதைப் பொத்தவோ உள்ளே போகவோ நேரம் இருக்கும்.

சமையல் அக்கா காப்பரிசி செய்து தருகிறார்கள். நமக்கு அரிசியை நன்றாக ஊறவைத்து மெல்ல வரும்படி செய்யச் சொல்லியிருக்கிறேன், தேங்காயைத் துருவிப் போட வேண்டும், பல்லாக நறுக்கக் கூடாது. பிசுபிசுப்பு பிடிக்காத பிள்ளைக்குக் கரண்டி கொடுங்கள், சாப்பிட மாட்டேன் என்றால் வாழைப்பழம் இருக்கிறது.

ஆளுக்கு ஒரு மாற்று உடுப்பும் ஒரு துண்டும் தினமும் பையில் வர வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் வீடுகளுக்குச் சொல்லிவிட்டேன். துண்டு வீட்டிலிருந்தே வரட்டும், பழகிய துணியாக இருந்தால்தான் சொட்டு பட்டாலே அழுகிறவள் துடைக்கவே விடுவாள். ஆயாம்மா, கொடியில் கூடுதல் கயிறு ஒன்று ஞாயிற்றுக்கிழமையே கட்டிவிடுங்கள்.