கதிரை, சுவர், பாய்: 11 நிமிட வீட்டுப் பயிற்சி (காணொளிப் பிரதி)

அக்கா, உங்கட தாளில இருந்தது இவ்வளவுதான்: நின்ற இடத்தில் நடை 1 நிமிடம், கதிரையிலிருந்து எழும்பல் 8, சுவர்த் தள்ளல் 8, இடுப்பு உயர்த்தல் 8, இடையில் 30 செக்கன் ஓய்வு, சுற்று முடிய 1 நிமிடம், 2 சுற்று, 2 எண்ணி எழும்பி 3 எண்ணி இருக்கவும்.

கடைசி வரியை மட்டும் மாத்தியிருக்கிறன். வேகத்துக்கும் எண்ணி, தடவைக்கும் எண்ணினால் வீட்டில செய்யிறவை குழம்பிப் போவினம். வேகத்தைச் சொல்லை இழுத்துக் காட்டுங்கோ. எண், ஒரு தடவை முடியேக்க மட்டும். ஒரு தடவைக்கு 5 செக்கன், எட்டுக்கு 40.

தம்பி, கமராவைப் பக்கவாட்டில வை. முழங்காலும் குதிக்காலும் படத்துக்குள்ள நிக்கவேணும்.

0:00 – விறாந்தை

வணக்கம் அம்மாமார், ஐயாமார். கொக்குவிலில எங்கட வீட்டு விறாந்தையில இருந்து செய்யிறம். ஒரு கதிரை, ஒரு சுவர், ஒரு பாய் காணும். தண்ணிப் போத்தலைக் கிட்ட வையுங்கோ. நீரிழிவுக்கு ஊசியோ குளிசையோ எடுக்கிறவை வெறும் வயித்தோட செய்யாதேங்கோ. நெஞ்சு நொந்தால், தலை சுத்தினால் உடனே நிப்பாட்டுங்கோ.

0:45 – நடை, 60 செக்கன்

நிண்ட இடத்திலயே நடவுங்கோ. கை வீசி. மூக்கால இழுத்து, வாயால விடுங்கோ. *(30 செக்கனில)* பாதி முடிஞ்சுது. என்னோட கதைச்சுக்கொண்டு நடக்க ஏலுமெண்டால் வேகம் சரி. மூச்சு வாங்கிக் கதைக்கேலாமல் இருந்தால் மெதுவாக்குங்கோ.

1:45 – கதிரையை வைத்தல், 20 செக்கன்

கதிரையின்ர முதுகைச் சுவரோட முட்ட வையுங்கோ. சீமெந்து நிலத்தில பிளாஸ்டிக் கதிரை வழுக்கும். நுனியில இருங்கோ. பாதம் இடுப்பளவு அகலம், குதிக்கால் நிலத்தில. கை நெஞ்சில. முழங்கால் நோ இருக்கிறவை கையைத் தொடையில ஊண்டலாம், அதில ஒரு குறையும் இல்லை.

2:05 – எழும்பல், 8 தடவை

மூச்சை இழுங்கோ. முன்னால சரிஞ்சு…

ஊதி எழும்பு. இழுத்து… மெல்ல… இரு. ஒண்டு.
ஊதி எழும்பு. இழுத்து… மெல்ல… இரு. ரெண்டு.
ஊதி எழும்பு. பொத்தெண்டு விழாமல்… இரு. மூண்டு.
ஊதி எழும்பு. முழங்கால் உள்ளுக்க சாயாமல்… இரு. நாலு.

பாதி. மூச்சை அடக்காதேங்கோ. அடக்கி எழும்பினால் பிரஷர் ஏறும்.

*(அக்கா, இந்த வரியை அஞ்சாவது தடவைக்கு மேலாலயே சொல்லுங்கோ, தாளம் நிக்கக்கூடாது.)*

ஊதி… இழுத்து… அஞ்சு. ஊதி… இழுத்து… ஆறு. இன்னும் ரெண்டு. ஊதி… ஏழு. கடைசி, இதைத்தான் ஆக மெதுவாய்… எட்டு.

2:45 – ஓய்வு, 30 செக்கன்

இருந்தபடியே இருங்கோ. தோளை விடுங்கோ. *(10 செக்கன் பேசாதேங்கோ, முற்றத்துச் சத்தம் கேட்கட்டும்.)* ஒரு மிடறு தண்ணி. பத்து செக்கன் இருக்கு. எழும்பிச் சுவருக்கு வாங்கோ.

3:15 – சுவர்த் தள்ளல்: 15 செக்கன் ஆயத்தம், 8 தடவை

சுவரில இருந்து ஒரு கை நீளம். உள்ளங்கை நெஞ்சளவு உயரத்தில. தலையில இருந்து குதிக்கால் மட்டும் ஒரு நேர்கோடு, நாரி வளையக்கூடாது.

இழுத்துக்கொண்டு சுவருக்குப் போ… ஊதித் தள்ளு. ஒண்டு. இழுத்து… ஊது. ரெண்டு. *(இதே தாளத்தில எட்டு மட்டும். ஆறில: “முழங்கையை விலாவுக்குக் கிட்ட.”)*

4:10 – ஓய்வு, 30 செக்கன். கையை உதறுங்கோ. பாயை விரியுங்கோ.

4:40 – இடுப்பு உயர்த்தல்: 20 செக்கன் ஆயத்தம், 8 தடவை

பக்கவாட்டில சரிஞ்சு படுத்து, பிறகு மல்லாருங்கோ. முழங்கால் மடிச்சு, பாதம் நிலத்தில. படுக்க ஏலாத அம்மாமார் கதிரையில இருந்து ஒரு காலை மாறி ஒரு காலை நீட்டுங்கோ, எண் அதேதான்.

ஊதி உயர்த்து… நில்… இழுத்து இறக்கு. ஒண்டு. *(எட்டு மட்டும். நாலில: “பாரம் குதிக்காலில, கழுத்தில இல்லை.”)*

5:40 – சுற்று ஓய்வு, 60 செக்கன்

திரும்பி, கை ஊண்டி எழும்புங்கோ. கெதியாய் எழும்பினால் தலை சுத்தும். உலாவுங்கோ. *(30 செக்கனில)* காணும் எண்டு தோன்றினவை இதோட நிப்பாட்டி, நடந்துகொண்டு நில்லுங்கோ.

6:40 – இரண்டாம் சுற்று

விளக்கம் வேண்டாம் அக்கா, மூச்சும் எண்ணும் மட்டும். எழும்பல் 6:40, சுவர் 7:50, படுக்கச் சொல்லுறது 9:00, இடுப்பு 9:15. தம்பி, ஓய்வு வாற இடமெல்லாம் 30 இல இருந்து இறங்குற இலக்கம் திரையில பெரிசாய் வரட்டும், கண்ணாடி போடாமலும் தெரியவேணும்.

9:55 – ஆறுதல்

படுத்தபடி ஒரு முழங்காலைக் கையால பிடிச்சு நெஞ்சுக்கு இழுங்கோ. பதினைஞ்சு செக்கன். இழுத்து… விட்டு… மற்றக் கால். இனி ரெண்டையும் இறக்கி, நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கோ. மூண்டு தரம்.

மெல்ல எழும்பிப் பாயைச் சுருட்டுங்கோ. நாளைக்குத் தசைக்கு ஓய்வு, நடை மட்டும் போங்கோ. நாளையிண்டைக்கு இதே நேரம் வாறன்.