நேத்து கிளம்பினீரா?

புதுச்சேரி ஊசுட்டேரிக்குப் பக்கத்தில் ஒரு சவுக்குத் தோப்பு. தோப்போரம் சின்னக் குட்டை. அதில் ஒரு பாலாமை இருந்தது. ஆமை கரையேறி நடந்தால் போதும், முயல் ஓடி வந்துவிடும்.

“ஆமையாரே, ஆமையாரே, நேத்து கிளம்பினீரா?”

மைனாவும் கிளையிலிருந்து கத்தும்: “இல்லை, போன வாரம்!”

ஆமை பதில் சொல்லாது. சரக், சரக் என்று நடக்கும்.

சித்திரை வந்தது. குட்டைத் தண்ணீர் வற்றியது. பெரிய தவளைகள் சேற்றுக்குள் புதைந்துகொண்டன. 3 குட்டித் தவளைகளுக்கு மட்டும் ஏரிக்குப் போக ஆசை.

“ஏரியா? நேரே போனா வந்துடும். என் பின்னாடி வாங்க!” என்றது முயல். ஒரே தாவு. ஆளைக் காணோம்.

உச்சி வெயில். மணல் சுட்டது. குட்டிகளின் தோல் காய்ந்தது. தவளைக்குத் தோல் காயவே கூடாது, உயிருக்கே ஆபத்து. பாதி வழியிலேயே அழுதுகொண்டு திரும்பின.

ஆமை சேற்றிலிருந்து தலையை நீட்டியது. “பகலில் கரையெல்லாம் கொக்கு நிக்கும், கண்ணுங்களா. பொழுது சாயட்டும்.”

பொழுது சாய்ந்தது. சரக், சரக், சரக்.

“என் காலுக்கு 300 அடி வெச்சா மோட்டார் கொட்டகை. அங்கே குழாய் மூட்டு ஒழுகும். கீழே தேங்காய்த் தொட்டி அளவுக்கு ஒரு பள்ளம்.”

இருந்தது! குட்டிகள் முதுகு நனைய உட்கார்ந்தன. ஆமை காத்திருந்தது.

“இன்னும் 200 அடி. வாழைத் தோட்டம், 3-ஆவது வரிசை. சருகு குவிஞ்சிருக்கும். மேலே காய்ஞ்சிருக்கும், அடியில் ஈரம்.”

அதுவும் இருந்தது. குளுகுளு என்று இருந்தது.

“இனி ஏரிக்கரை. கல்லு மேலே ஏறாதீங்க, ராத்திரியிலும் சூடு போகாது. புல்லு மேலேயே வாங்க.”

கரைக்கு அந்தப் பக்கம் கோரைப்புல். கோரைக்கு நடுவில் தண்ணீர். பொளக், பொளக், பொளக்!

“ஆமைத் தாத்தா, உங்களுக்கு எப்படி எல்லாம் தெரியும்?”

“அந்தக் குழாய்ச் சொட்டு என் மூக்கு மேலேதானே விழுந்துச்சு!”

மறுநாள் காலை முயல் வந்தது. நாக்கு வறண்டு கிடந்தது. குட்டையில் சேறுதான் இருந்தது.

“ஆமையாரே… அந்த ஒழுகுற குழாய் எங்கே இருக்கு? தினம் அந்த வழியாத்தான் ஓடுறேன், கண்ணில் படலையே.”

“என் பின்னாடி வா.”

முயல் ஒரு தாவு தாவியது. நின்றது. ஆமைக்குக் காத்திருந்தது. இன்னொரு தாவு. மறுபடி நின்றது.

மைனா மேலேயிருந்து எட்டிப் பார்த்தது.

“முயலாரே, முயலாரே, நேத்து கிளம்பினீரா?”